யோகா வகுப்புக்கும் ஆரி பயிற்சிக்கும் கேப்ஷன் எழுதுவது எப்படி: நிரூபிக்க முடியாததை எப்படி நீக்குவது?

போன வருடம் ஒரு யோகா ஆசிரியைக்கு ரீல்ஸ் கேப்ஷன்களைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முன்பே போட்டிருந்த ஒரு பதிவின் கீழே ஒரு பெண் கேட்டிருந்தார்: "மேடம், எங்க அம்மா 12 வருஷமா சுகர் மாத்திரை போடுறாங்க. உங்க கிளாஸ்ல சேர்ந்தா நிறுத்திடலாமா?" ஆசிரியை அப்படி எங்கும் சொல்லவில்லை என்றார். ஆனால் கேப்ஷன் சொல்லியிருந்தது. அந்தக் கேப்ஷனையே எடுத்து, படிப்படியாகத் திருத்திப் பார்ப்போம். அப்புறம் அதே முறையை வருமானம் பற்றிய ஒரு கேப்ஷனுக்கும் வைத்துப் பார்ப்போம்.

> சர்க்கரைக்கு குட்பை! 21 நாளில் மாத்திரை இல்லாத வாழ்க்கை. 7 நாளில் 5 கிலோ குறையும். 500 பேருக்கு மேல் பலன் அடைந்துள்ளனர். இன்றே சேருங்கள்!

படி 1: படிப்பவர் என்ன எடுத்துக்கொள்வார் என்று எழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் கேப்ஷனின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். வலது பக்கம், சர்க்கரை உள்ள ஒருவர் அதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்று எழுதுங்கள். நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள் என்பது இங்கே தேவையில்லை.

"சர்க்கரைக்கு குட்பை" என்பதற்கு நேரே "நோய் போய்விடும்" என்று வரும். "மாத்திரை இல்லாத வாழ்க்கை" என்பதற்கு நேரே "மாத்திரையை நிறுத்தலாம்" என்று வரும். உற்சாகத்துக்காகப் போட்ட வார்த்தைதான் என்று ஆசிரியை சொன்னார். ஆனால் நிரூபிக்க வேண்டியது வலது பக்கம் இருப்பதைத்தான்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் கையில் என்ன காகிதம் இருக்கிறது?

வலது பக்க வரிகள் ஒவ்வொன்றுக்கும் கீழே, யாராவது வந்து கேட்டால் எதை எடுத்து நீட்டுவீர்கள் என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடா, ரத்தப் பரிசோதனை அறிக்கையா, ரசீதா? "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பது காகிதம் ஆகாது.

500 பேர் கதையை முதலில் பார்ப்போம். ஆசிரியையிடம் இருந்தது சேர்ந்தவர்களின் கூகுள் ஷீட். அதில் 500-க்கு மேல் பெயர்கள் இருந்தன. ஆக, 500 பேர் சேர்ந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அவர்கள் பலன் அடைந்தார்கள் என்பதற்கு ஒன்றும் இல்லை. பலர் நாலாம் நாளோடு நின்றிருக்கலாம்.

அடுத்து 21 நாள். சர்க்கரை கட்டுப்பாட்டைப் பார்க்க டாக்டர்கள் எழுதித் தரும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, சுமார் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன, அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. 21 நாள் முடிந்த மறுநாள் எடுத்தால், வகுப்புக்கு முந்தைய நாட்களின் கணக்கும் அதில் கலந்தே இருக்கும். வெறும் வயிற்று அளவு குறைந்திருக்கிறதே என்றால், அது முந்தின நாள் இரவு என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பதைப் பொறுத்தும் ஏறி இறங்கும். அதனால் 21 நாள் வாக்குறுதியை அந்த 21 நாளுக்குள் நிரூபிக்க வழியே இல்லை.

5 கிலோவுக்கு பரிசோதனைகூட வேண்டாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி செலவாக வேண்டும். ஐந்து கிலோவுக்கு 38,500. ஏழு நாளால் வகுத்தால் தினம் 5,500. சாதாரணமாக ஒருவர் ஒரு நாளில் மொத்தமாகச் செலவழிப்பதே இதில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். பட்டினி கிடந்தாலும் இந்தக் கணக்கு வராது. முதல் வாரம் எடை மெஷினில் முள் இறங்குவது உண்மைதான். சோற்றைக் குறைத்தால் உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனும் அதோடு பிடித்து வைத்திருந்த தண்ணீரும் போகும். பழையபடி சாப்பிட்டால் அந்த எடை திரும்பிவிடும். கேப்ஷனில் ஒரு எண்ணைப் பார்த்தால் அதையே வைத்து இப்படி வகுத்துப் பாருங்கள். பாதி வாக்குறுதிகள் அங்கேயே விழுந்துவிடும்.

படி 3: பொறுப்புத் துறப்பை நம்பாதீர்கள்

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, "கீழே 'முடிவுகள் நபருக்கு நபர் மாறுபடும்' என்று போட்டுவிட்டால் போதாதா?" போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்களே, பொறுப்புத் துறப்பைப் போட்டு ஒரு தவறான வாக்குறுதியைச் சரிசெய்ய முடியாது என்கின்றன. வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் துறப்பும் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் எச்சரிக்கை போடுவது அங்கேயே அடிபடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இந்த ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது.

வகுப்போடு கஷாயப் பொடியோ லேகியமோ விற்பவர்கள் இன்னொரு சட்டத்தையும் பார்க்க வேண்டும். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், 1954. நீரிழிவு, ரத்த அழுத்தம், புற்றுநோய், உடல் பருமன் உட்பட அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யவே கூடாது. குணமாகிறதா இல்லையா என்ற பேச்சே அங்கே எழாது.

படி 4: என்ன ஆகும் என்பதை விட்டுவிட்டு, என்ன நடக்கும் என்பதை எழுதுங்கள்

வகுப்பில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதனால் அதை நிரூபிக்க முடியும். சேர்பவரின் உடலில் என்ன ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. முதல் திருத்தத்தில் "சர்க்கரை உள்ளவர்களும் பாதுகாப்பாகச் செய்யலாம்" என்று எழுதியிருந்தோம். இரண்டாம் முறை படித்தபோதுதான் அதுவும் ஒரு மருத்துவ வாக்குறுதி என்று பட்டது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி முடித்தோம்:

> 21 நாள் காலை யோகா, ஆன்லைனில். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். மருந்தை நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். தினமும் 6 முதல் 7 மணி. நின்று செய்யும் ஆசனங்கள், நாற்காலியில் அமர்ந்து செய்யும் ஆசனங்கள், மூச்சுப் பயிற்சி. ஒரு பேட்சில் 20 பேர் மட்டும், ஒவ்வொருவரையும் கேமராவில் பார்த்துத் திருத்துவோம்.

டாக்டர் வரி இரண்டாவதாக வந்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் முதல் ஒன்றிரண்டு வரிக்குப் பிறகு `more` என்று மடிந்துவிடும். பலர் அதைத் தொடவே மாட்டார்கள். முக்கியமான எச்சரிக்கை மடிப்புக்குக் கீழே போகக் கூடாது. ஹேஷ்டேக்கையும் வீடியோவின் முகப்புப் படத்தையும் மறக்காதீர்கள். கேப்ஷனைச் சுத்தமாக எழுதிவிட்டு கடைசியில் `#சர்க்கரைக்குகுட்பை` என்று போட்டால் பழைய வாக்குறுதி அப்படியே திரும்பி வந்துவிடும்.

படி 5: மாணவர் சொன்னதைப் போடுவதற்கு முன்

"எனக்கு 240-இல் இருந்து 130 ஆயிடுச்சு" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நீங்கள் எடுத்துப் போட்ட நொடியில் அது உங்கள் வாக்குறுதி ஆகிவிடுகிறது. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த நாட்களில் டாக்டர் மருந்தை மாற்றினாரா, சாப்பாட்டில் என்ன மாறியது, இரண்டு அளவுகளும் ஒரே நேரத்தில் எடுத்தவையா. இவரிடம் கேட்டபோது, 240 சாப்பிட்ட பின் எடுத்தது, 130 வெறும் வயிற்றில் எடுத்தது என்று தெரிந்தது. இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. சர்க்கரை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் பலர் வகுப்பைத் தேடி வருகிறார்கள். அந்த உச்சத்தில் இருந்து அளவு தானாகவே கொஞ்சம் இறங்கும் வாய்ப்பு அதிகம்.

அவரிடமிருந்து கடைசியில் எடுத்துப் போட்டது இதைத்தான்: "21 நாள்ல 19 நாள் வந்தேன். டீச்சர் பேர் சொல்லித் திருத்துவாங்க." இரண்டையும் வருகைப் பதிவிலும் வகுப்புப் பதிவிலும் காட்ட முடியும்.

படி 6: இதே கணக்கை வருமானத்துக்கும் போடுங்கள்

> 10 நாள் ஆரி பயிற்சி. ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தே மாதம் ₹30,000 வரை சம்பாதியுங்கள்!

ஒரு நடுத்தர டிசைன் பிளவுஸுக்குக் கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், மணி, ஸ்டோன் எல்லாம் 350 போனால் கையில் 1,650 நிற்கும். புதிதாகக் கற்றவருக்கு அதை முடிக்க 16 மணி நேரம் ஆகிறது என்றால், 30,000 சம்பாதிக்க 18 பிளவுஸுக்கு மேல் போட வேண்டும். கிட்டத்தட்ட 290 மணி நேரம். ஞாயிறு உட்பட தினமும் பத்து மணி நேரம் ஸ்டாண்டின் முன் குனிந்து உட்கார வேண்டும், அதுவும் ஆர்டர் தடையில்லாமல் வந்தால். இதில் ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது? உங்கள் ஊர்க் கூலியையும் நேரத்தையும் போட்டு நீங்களும் கணக்குப் பாருங்கள்.

"வரை" என்ற சொல் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். படிப்பவர் மனதில் 30,000 மட்டும்தான் நிற்கும். தாலி செயினை அடகு வைத்து ஃபீஸ் கட்டுபவர் அந்த எண்ணை நம்பித்தான் கட்டுகிறார்.

வருமானத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், முடித்த எல்லோருக்கும் போன் செய்யுங்கள். குரூப்பில் படம் போடுபவர்களை மட்டும் கேட்டால், ஆர்டர் கிடைத்தவர்கள் மட்டுமே வருவார்கள். 40 பேர் முடித்து, 28 பேர் போனை எடுத்து, 11 பேர் ஆர்டர் எடுப்பதாகச் சொன்னால், "28-இல் 11" என்று எழுதாதீர்கள். எடுக்காதவர்களில் பலர் ஊசியையே தொடாமல் இருக்கலாம். அந்த எண்களில் கேப்ஷன் இப்படி இருக்கும்:

> 10 நாள் ஆரி அடிப்படைப் பயிற்சி. செயின் தையல், ஜர்தோசி, ஸ்டோன் ஒர்க். ஸ்டாண்டும் ஊசியும் தனியாக வாங்க வேண்டும். போன இரண்டு பேட்ச்சில் 40 பேர் முடித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் போன் செய்தபோது 11 பேர் வெளி ஆர்டர் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆர்டர் நாங்கள் பிடித்துத் தருவதில்லை.

போன் செய்த தேதியும் பதிலும் உள்ள ஷீட்டைப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். அடுத்த பேட்ச் முடிந்ததும் எண்ணை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வரியையே எடுத்துவிட வேண்டும்.

படி 7: கமென்ட்டையும் பாருங்கள்

கேப்ஷன் சரியாக இருந்தும், கீழே ஒருவர் "எனக்கு சுகர் முழுசா சரியாயிடுச்சு" என்று எழுதுவார். அதற்கு இதயம் போடுவதும் அதை மேலே பின் செய்வதும் நீங்களே சொன்னதற்குச் சமம். அந்த ஆசிரியை இப்போது அப்படிப்பட்ட கமென்ட்டுக்கு அதே இடத்தில் பதில் எழுதுகிறார்: "கேட்க சந்தோஷமா இருக்கும்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா? மாத்திரையை அவர் சொல்லாம நிறுத்திடாதீங்க." பழைய பதிவை நீக்கிய அன்று, அம்மாவைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கும் தனியாக மெசேஜ் அனுப்பினார்.