சான்றிதழ் ஒரிஜினல்தானா? ஜன்னல், டார்ச், லென்ஸ் வைத்துப் பார்க்கும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கல்லூரி அலுவலகத்திலோ தோல் கம்பெனியின் பணியாளர் பிரிவிலோ சேர்ந்தால், சீக்கிரமே ஒரு கட்டு சான்றிதழ் உங்கள் மேசைக்கு வந்துவிடும். "ஒரிஜினலான்னு பார்த்துடுங்க" என்பார்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். புதியவர்கள் உடனே பெயரையும் மதிப்பெண்ணையும் படிக்க ஆரம்பிப்பார்கள். அதை அப்புறம் செய்யலாம். முதலில் காகிதத்தைப் பாருங்கள்.

வெயில் வரும் ஜன்னல், மொபைல் டார்ச், வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஆகியவை போதும். இவற்றோடு, அதே நிறுவனம் ஏறக்குறைய அதே ஆண்டில் கொடுத்த, சந்தேகமில்லாத ஒரு சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அம்சங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழைய சான்றிதழில் வாட்டர்மார்க்கே இல்லாமல் இருக்கலாம், அதனால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

முதல் படி: வாட்டர்மார்க்

சான்றிதழை மேசையில் படுக்கவைத்துப் பாருங்கள், பிறகு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். உண்மையான வாட்டர்மார்க் காகிதம் தயாராகும்போதே அதற்குள் உருவாவது. காகிதக்கூழ் சில இடங்களில் மெல்லியதாகவும் சில இடங்களில் தடிமனாகவும் படிவதால் வரும் உருவம் அது. அதனால் படுக்கவைத்தால் அநேகமாகத் தெரியாது, வெளிச்சம் ஊடுருவும்போது தெளியும். ஓரங்கள் மங்கலாகக் கரைந்தாற்போல இருக்கும். படுக்கவைத்தபோதே சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தாலோ, சாய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்தாலோ, மேலே அச்சடித்தது என்று சந்தேகப்படலாம்.

இரண்டாம் படி: மைக்ரோ டெக்ஸ்ட்

பார்டரில், கையெழுத்துக்குக் கீழே, சின்னத்தைச் சுற்றி என்று எங்கேயாவது மிகப் பொடி எழுத்து வரிசை ஒரு மெல்லிய கோடு போல இருக்கும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, காகிதத்தை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். லென்ஸை எட்டிப் பிடித்தால் கொஞ்ச இடம்தான் தெரியும், கண்ணும் வலிக்கும். நல்ல அச்சில் அந்தக் கோடு எழுத்துகளாகப் பிரியும். நிறுவனத்தின் பெயர் திரும்பத் திரும்ப வரும், மை ஒரே நிறத்தில் நிரம்பியிருக்கும். கலர் ஜெராக்ஸோ ஸ்கேன் பிரதியோ என்றால் எழுத்து உடைந்து புள்ளிக்கூட்டமாகவோ வெறும் கோடாகவோ மாறிவிடும். பழுப்புக் கோடு என்று நினைத்தது நீலம், மஞ்சள், சிவப்புப் புள்ளிகளாகச் சிதறியும் தெரியலாம். நல்ல அச்சிலும் ஒன்றிரண்டு எழுத்துகள் மங்கியிருக்கும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எம்போஸ் சீல்

இங்கே டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். காகிதத்தின் மட்டத்திலேயே, பக்கவாட்டில் பிடியுங்கள். தோல் தரம் பிரிப்பவர் தோலைச் சாய்த்து மேடுபள்ளம் பார்ப்பது போலத்தான். புடைப்பு இருந்தால் நிழல் விழும், டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் நிழலும் பக்கம் மாறும். அச்சடித்த நிழல் மாறாது. பின்பக்கம் திருப்பினால் முன்பக்கத்து மேடு அங்கே பள்ளமாகத் தெரிய வேண்டும். சீல் புகைப்படத்தின் மேல் பாதி, காகிதத்தில் பாதி என்று விழுந்திருந்தால், வளையம் தடுமாறாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். படத்தை மாற்றி ஒட்டியிருந்தால் அங்கே இடறும். லேமினேஷன் செய்ததில் சீல் தட்டையாகிவிடும். அப்படி வந்தால் "சீல் சரிபார்க்க இயலவில்லை" என்று மட்டும் குறியுங்கள்.

சரி, மூன்றும் சரியாக இருக்கிறது. முடிந்ததா? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2011-ல் கொடுத்த பட்டச் சான்றிதழ். வாட்டர்மார்க், மைக்ரோ டெக்ஸ்ட், சீல் எல்லாம் கச்சிதம். ஆனால் டார்ச்சைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது "முதல் வகுப்பு" என்ற இடத்தில் மட்டும் காகித நார் சிலிர்த்து நிற்கிறது. லென்ஸில் பார்த்தால் பின்னணியின் மெல்லிய அலைக்கோடுகள் அங்கே தேய்ந்து, இரண்டு பக்கமும் முழுசாக இருக்கின்றன. காகிதம் அசல்தான், சுரண்டி எழுதியது வகுப்பை. அதனால் பெயர், தேதி, வகுப்பு ஆகிய மூன்று இடத்திலும் டார்ச்சை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

இனிப் படிக்கலாம். நம் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் பிறந்தது 2019-ல். 2014-ல் அச்சானதாகச் சொல்லும் சான்றிதழில் "ராணிப்பேட்டை மாவட்டம்" என்று இருந்தால் பொருந்தாது, பின்னாளில் வாங்கிய நகலாக இருந்தால் தவிர. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியது 2002-ல், அதற்கு முந்தைய தேதியிட்ட பட்டத்தில் அந்தப் பெயர் வரவே முடியாது.

குறிப்பில் "போலி" என்று எழுதாதீர்கள். "வகுப்பு வரியில் நார் கலைந்துள்ளது, பின்னணிக் கோடு இல்லை" என்று கண்டதை எழுதுங்கள். பிறகு நகலோடு உண்மைத்தன்மை கேட்டு அனுப்புங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு. பதில் வரும்வரை அந்த ஃபைலை "நிலுவை" அடுக்கிலேயே வையுங்கள்.