நீளமான சோபாவுக்கு எந்த பேனல் டிவி? வாங்குமுன் ஒரு அளவுநாடா எடுங்கள்

வெள்ளவத்தை பக்கத்து அபார்ட்மென்ட் ஹோல்களில் சோபா சுவரோடு சுவராக நீண்டிருக்கும், டிவி எதிர்ச்சுவரில். நடுவில் இருக்கிற அப்பாவுக்குப் படம் அருமை, ஓரத்தில் இருக்கிற அம்மம்மாவுக்கு அதே படம் வெளிறித் தெரியும். பெரும்பாலும் இது பேனலின், அதாவது படம் தெரியும் திரையின், குணம், செட்டிங்கில் முழுதாகச் சரியாகாது.

முதலில் அளந்துகொள்ளுங்கள். டிவியின் நடுக்கோட்டிலிருந்து கடைசி ஆளின் தலை எவ்வளவு தள்ளி இருக்கிறது, டிவிச் சுவரிலிருந்து அவர் எவ்வளவு தூரம் என்று இரண்டு அளவு போதும். தள்ளியிருப்பது தூரத்தில் பாதி என்றால் கோணம் ஏறக்குறைய 27 பாகை. உதாரணத்துக்கு, 8 அடி தூரம், 4.5 அடி தள்ளி: 29 பாகை. பரவாயில்லையே என்று தோன்றும், ஆனால் 55 இஞ்ச் டிவி 4 அடி அகலம், அதனால் அவர் திரையின் எதிர் ஓரத்தை 39 பாகையிலும் கிட்டின ஓரத்தை 17 பாகையிலும் பார்க்கிறார். ஒரே படத்தில் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரிவது இதனால்தான்.

இப்போது பேனல். விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி என்று மூன்று வகை. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் 20, 30 பாகை தாண்டினாலே பொதுவாக நிறம் வெளிறத் தொடங்கும், முகங்கள் சுண்ணாம்பு பூசினது போல ஆகும். ஐபிஎஸ்ஸில் ஓரத்திலும் நிறம் நிற்கும், ஆனால் லைட்டை அணைத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஓஎல்இடி இரண்டிலும் நல்லது, ஆனால் விலை கூட, அத்தோடு நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில் லோகோவின் தடம் பதியக்கூடும். கியூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பின்விளக்கு சம்பந்தப்பட்டது, உள்ளே அனேகமாக விஏதான்.

அப்புறம் கடையில் சோதியுங்கள். பென்ட்ரைவில் ஒரு முகமும் இருட்டுக் காட்சியும் உள்ள வீடியோ கொண்டுபோய், பளிச்சென்ற டெமோ மோடை மாற்றி சாதாரண மோடில் போடச் சொல்லுங்கள். நேராக நின்று முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் அளந்த அதே இடத்துக்கு நடந்து போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே சைஸில்தான் பாருங்கள், ஒரே மொடலில் 50 இஞ்சில் ஒரு பேனலும் 55 இஞ்சில் வேறொன்றும் வருவதுண்டு.

என் முடிவு இப்படி: மேலே சொன்ன வீட்டுக்கு, பகலில் பால்கனி வெளிச்சத்தில் கிரிக்கெட் பார்க்கிற குடும்பம் என்றால் ஐபிஎஸ், ராத்திரி லைட் அணைத்துப் படம் பார்க்கிறவர்கள் என்றால், காசு இருந்தால் ஓஎல்இடி. சோபாவை 2 அடி பின்னால் தள்ள இடமிருந்தால் ஓரத்தாளின் கோணம் 24 பாகைக்கு இறங்கும், அப்போது விஏயையும் யோசிக்கலாம், எதிர் ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிறும். திரும்புகிற வோல் பிராக்கெட் இதற்கு உதவாது, ஒரு ஓரத்துக்குத் திருப்பினால் மற்ற ஓரத்தில் இருப்பவருக்குக் கோணம் இன்னும் கூடும்.