மானாவாரி நிலத்தில் வெற்று மண்ணையும் இளம்பயிரையும் செயற்கைக்கோள் படத்தில் பிரித்தறிதல்

வியாசர்பாடியில் இருந்துகொண்டு, பள்ளிப்பட்டுப் பக்கம் சித்தப்பா ஆடிப்பட்டத்தில் விதைத்த இரண்டு ஏக்கர் நிலக்கடலை எப்படி முளைத்திருக்கிறது என்று பார்க்க முயன்றபோதுதான் இந்தக் கணக்குகளைக் கற்றுக்கொண்டேன். விதைத்த மூன்று வாரத்தில் நிலத்தின் பெரும்பகுதி செம்மண்ணாகவே தெரியும். அந்த நிலையில், அண்மை அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் வழக்கமான தாவரக் குறியீடான என்டிவிஐ, மண்ணின் நிறத்தையும் பயிரின் பசுமையையும் குழப்பிவிடுகிறது. இதைச் சரிசெய்யவே ஹியூட் 1988-இல் மண் திருத்தத் தாவரக் குறியீட்டை முன்வைத்தார். வெற்று மண் குறியீடு மறுபக்கத்திலிருந்து, மண் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று காட்டுகிறது.

முதலில், கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, நிலத்தின் மேல் மேகம் இல்லாத நாளின் சென்டினல்-2 படத்தை, வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட L2A வகையில் இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள் `R20m` என்ற கோப்புறையிலிருந்து B02 (நீலம்), B04 (சிவப்பு), B8A (அண்மை அகச்சிவப்பு), B11 (குற்றலை அகச்சிவப்பு) ஆகிய நான்கையும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து, அடுக்குகளுக்கு இதே சுருக்கப் பெயர்களை இடுங்கள். நான்கும் 20 மீட்டர் பிக்சலிலேயே கிடைப்பதால் அளவை மாற்றும் வேலை இல்லை.

அடுத்த படியில்தான் தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுகிறார்கள்; நானும் தவறினேன். கோப்பில் இருப்பவை எதிரொளிப்பு மதிப்புகள் அல்ல, 10000-ஆல் பெருக்கப்பட்ட முழு எண்கள். இறக்கிய படத்தொகுப்பின் பெயரில் N எழுத்தை அடுத்து வரும் எண் 0400 அல்லது அதற்கு மேல் என்றால், அவற்றோடு 1000 கூடுதலாகவும் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே `Raster Calculator`-இல் ஒவ்வொரு பட்டையையும் இப்படி மாற்றி, r02, r04, r8A, r11 என்று சேமியுங்கள்:

```
("B04@1" - 1000) / 10000
```

பிறகு இரண்டு சூத்திரங்களையும் தனித்தனியே இயக்குங்கள். முதலாவது மண் திருத்தத் தாவரக் குறியீடு, இரண்டாவது வெற்று மண் குறியீடு:

```
1.5 * ("r8A@1" - "r04@1") / ("r8A@1" + "r04@1" + 0.5)

(("r11@1" + "r04@1") - ("r8A@1" + "r02@1")) /
(("r11@1" + "r04@1") + ("r8A@1" + "r02@1"))
```

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பாருங்கள். நீலம் 0.08, சிவப்பு 0.18, அண்மை அகச்சிவப்பு 0.28, குற்றலை 0.38 என்றால், மண் திருத்தக் குறியீடு 0.15-ஐ 0.96-ஆல் வகுத்து 0.156 வரும், வெற்று மண் குறியீடு 0.20-ஐ 0.92-ஆல் வகுத்து 0.217 வரும். 1000-ஐக் கழித்துவிட்டு 10000-ஆல் வகுக்க மறந்தால், ஆயிரக்கணக்கான எண்களின் முன் அந்த 0.5 ஒன்றுமில்லாமல் போகும், விடை 0.326 ஆகிவிடும், அதாவது 0.10-ஐ 0.46-ஆல் வகுத்து வரும் என்டிவிஐ மதிப்பான 0.217-இன் ஒன்றரை மடங்கு. உங்கள் படத்தில் இந்த ஒன்றரை மடங்கு தென்பட்டால் வகுத்தல் விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். 10000-ஆல் வகுத்து, 1000-ஐக் கழிக்க மறந்தால் பிழை எளிதில் கண்ணில் படாது: வெற்று மண் குறியீடு 0.217-க்குப் பதில் 0.152 என நம்பும்படியான எண்ணாகவே நிற்கும்.

அதே நிலத்தில் மழை பெய்து மண் கருத்து, சிவப்பு 0.12-ஆகவும் அண்மை அகச்சிவப்பு 0.21-ஆகவும் இறங்கியதாகக் கொள்வோம். பயிர் வளரவே இல்லை. ஆயினும் என்டிவிஐ 0.217-லிருந்து 0.273-க்கு ஏறுகிறது. மண் திருத்தக் குறியீடோ 0.163 என்ற அளவில் ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. வெற்று மண் குறியீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஈர மண்ணில் குற்றலை எதிரொளிப்பு வெகுவாகக் குறைவதால் அதன் மதிப்பும் இறங்கி, பயிர் மூடிவிட்டது போன்ற பொய்த்தோற்றம் தரும். எனவே மழைக்கு மறுநாள் எடுத்த படத்தைத் தவிர்த்து, மண் காய்ந்த நாளையே தேர்ந்தெடுங்கள்.

சூத்திரத்தில் வரும் 0.5 என்பது நடுத்தரப் பயிர்ப்பரப்புக்கான மதிப்பு. மிக அரிதான பயிருக்கு 1 வரை வைக்கலாம், அப்போது முன்னுள்ள 1.5-ஐ 2 ஆக்க வேண்டும். எதை வைத்தாலும் பருவம் முழுவதும் அதையே வையுங்கள். இடையில் மாற்றினால் இரு தேதிகளின் எண்களை ஒப்பிட முடியாது.

எந்த எண்ணுக்கு மேல் வெற்று மண் என்பதற்குப் பொதுவான எல்லை கிடையாது. நான் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் விதைக்காத கரம்பு எது, நன்றாக முளைத்த வயல் எது என்று கேட்டுக்கொண்டு, `Identify Features` கருவியால் இரண்டின் மதிப்புகளையும் படித்து, இடைப்பட்ட எண்ணை எல்லையாக வைத்தேன். ஓர் ஏக்கருக்குச் சுமார் பத்துப் பிக்சல்களே வரும் என்பதால், வரப்போரச் சீமைக்கருவேல நிழல் கலந்த விளிம்புப் பிக்சல்களை விட்டு நடுவில் உள்ளவற்றையே படியுங்கள்.

அறுவடைக்குப் பின் நிலத்தில் கிடக்கும் காய்ந்த கொடியும் சருகும் வெற்று மண்ணைப் போலவே உயர்ந்த மதிப்பைக் காட்டும். இந்த நான்கு பட்டைகளால் அவற்றை நம்பகமாகப் பிரிக்க முடியாது. அந்த மாதங்களில் வயலில் நிற்பவரிடம் கேட்டே உறுதிசெய்கிறேன்.