பொதுப் பஸ்ஸில் பதிவகக் கூற்றுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் மாலை வேளைகளில் இலக்க இலத்திரனியல் படிக்க வரும் மாணவர்களிடம் `T2 P: C ← A` என்ற கூற்றைக் காட்டினால், T2 என்ற படியில் P உண்மையாக இருக்கும்போது A பதிவகத்தின் உள்ளடக்கம் C பதிவகத்துக்குப் போகிறது என்று உடனே சொல்லிவிடுவார்கள். இத்தகைய ஆறு கூற்றுகளை ஒரே பஸ்ஸின் மீது சுற்றாக வரையச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தனித்தனியாகச் சரியான கூற்றுகள் சேர்ந்தவுடன் ஏன் பிழைக்கின்றன என்பதை, வகுப்பில் ஒரு மாணவர் எழுதிக் கொண்டுவந்த பின்வரும் தொகுதியை வைத்தே பார்க்கலாம். இதில் ஒரு பிழை உண்டு. அதை இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கிறேன்.

```
T0:      A ← B
T1 P:    A ← C
T1 P':   D ← C
T2 P:    C ← A
T2 Q:    C ← D
T3:      B ← D,  A ← A + 1
```

A, B, C, D ஆகிய நான்கும் எட்டு பிட் பதிவகங்கள். T0 முதல் T3 வரையானவை ஒரு படி எண்ணியிலிருந்து வருபவை. ஒரு நேரத்தில் அவற்றுள் ஒன்று மட்டுமே 1 ஆக இருக்கும். P, Q இரண்டும் ஒற்றை எழுவிழுக்களில் இருக்கும் நிபந்தனைகள். அவை ஒன்றையொன்று சாராமல் மாறக்கூடியவை.

பஸ்ஸை வரையும்போதே வருகின்ற ஒரு பிழையை முதலில் தீர்த்துவிடுவோம். நான்கு பதிவகங்கள் இருப்பதால் நான்கு மல்டிபிளெக்சர்கள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மல்டிபிளெக்சர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பிட்டுகளின் எண்ணிக்கையே. பதிவகங்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் எத்தனை உள்ளீடுகள் வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே இங்கே நான்கு உள்ளீடுகளைக் கொண்ட எட்டு மல்டிபிளெக்சர்கள் தேவை. அவை எட்டும் S1, S0 என்ற ஒரே இரண்டு தெரிவுச் சைகைகளைப் பகிர்ந்துகொள்ளும். 74LS153 என்ற சிப்பில் இத்தகையவை இரண்டு இருப்பதால் நான்கு சிப்புகளில் பஸ் முடிந்துவிடும்.

இனி அடிப்படைத் தவறுக்கு வருவோம். மாணவர்கள் கூற்றுகளை வாசிக்கின்ற அதே ஒழுங்கில், வரிவரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சுற்றுத் துண்டை வரைகிறார்கள். முதல் வரிக்காக T0 கம்பியை A பதிவகத்தின் லோட் முனையில் கொண்டுபோய் இணைக்கிறார்கள். இரண்டாவது வரிக்கு வந்ததும் T1, P இரண்டையும் ஓர் அன்ட் படலையில் சேர்த்து, அதன் வெளியீட்டையும் அதே லோட் முனையில் இணைத்துவிடுகிறார்கள். இரண்டு வெளியீடுகள் ஒரே கம்பியில் மோதுகின்றன. ஒன்று 1 என்றும் மற்றது 0 என்றும் சொல்லும்போது அந்தக் கம்பியில் என்ன நிலை இருக்கும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கூற்றுகளை நெடுக்காக வாசிப்பதே இதற்கு மருந்து. அம்புக்குறியின் இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்து, ஒரு பதிவகம் தோன்றும் வரிகளின் நிபந்தனைகளையெல்லாம் ஓர் ஓஆர் படலையில் சேர்த்தால் அந்தப் பதிவகத்தின் லோட் சைகை கிடைக்கும். அதேபோல வலப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தால், எந்தப் பதிவகம் எப்போது பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது கிடைக்கும். இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் வரவே மாட்டா.

மாணவர் எழுதியபடியே இடப்பக்கத்தைத் திரட்டுவோம். A உக்கு வரும் `A ← A + 1` என்பது எண்ணேற்றம். அது லோட் அல்ல என்பதால் அதைத் தனியே வைக்கிறேன்.

```
LA = T0 + T1 P
LB = T3
LC = T2 P + T2 Q = T2 (P + Q)
LD = T1 P'
INR_A = T3
```

வலப்பக்கத்தைத் திரட்டும்போது A உக்கு 00, B உக்கு 01, C உக்கு 10, D உக்கு 11 என்று குறியீடு வைத்துக்கொள்வோம்.

```
xA = T2 P
xB = T0
xC = T1 P + T1 P' = T1
xD = T2 Q + T3
S1 = xC + xD
S0 = xB + xD
```

அந்த மாணவர் இதையே பிரெட்போர்டில் கட்டி, A இல் `00101100`, D இல் `01000110` ஏற்றி, P, Q இரண்டையும் 1 ஆக வைத்துத் துடிப்பைக் கையால் கொடுத்துப் பார்த்தார். T2 முடிந்ததும் C இன் எல்ஈடி வரிசையில் `01000110` நின்றது. "லோட் சரியாத்தான் வருது சேர், ஆனா A நிக்கவேண்டிய இடத்தில D நிக்குது" என்றார். லோட் கம்பியை அரைமணி நேரம் சோதித்திருக்கிறார். அதில் பிழை இருக்கவில்லை, இருக்கவும் முடியாது.

அவர் மனத்தில் வைத்திருந்தது இதுதான்: T2 இல் P இருந்தால் A இலிருந்து எடு, இல்லாவிட்டால், Q இருந்தால் D இலிருந்து எடு. வாயால் சொல்லும்போது வந்த அந்த "இல்லாவிட்டால்" தாளில் எழுதும்போது விழுந்துவிட்டது. அது `P'` ஆக நிபந்தனைக்குள் வந்திருக்க வேண்டும். அதாவது ஐந்தாவது வரி `T2 P' Q: C ← D` என்று இருந்திருக்க வேண்டும். வரிகளை மேலிருந்து கீழாக எழுதுவதால் மேல் வரிக்கு முன்னுரிமை கிடைப்பதில்லை. ஒரே துடிப்பில் உண்மையாகும் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. திருத்திய பின் LC ஐ மறுபடி எழுதிப் பாருங்கள்: `T2 P + T2 P' Q` என்பதைச் சுருக்கினால் மீண்டும் `T2 (P + Q)` தான் வரும். பிழையான கூற்றும் சரியான கூற்றும் ஒரே லோட் சைகையைத் தருகின்றன. எந்த வரி வென்றாலும் C ஏற்றப்படத்தான் போகிறது என்பதால் லோட் பக்கத்துக்கு இந்தப் பிழை தெரியாது. அது xD இல் மட்டுமே வெளிப்படும். ஒரு பதிவகத்தில் தவறான தரவு சரியான நேரத்தில் வந்து நின்றால், லோட் கம்பியை விட்டுவிட்டு S1, S0 இரண்டையும் முதலில் அளந்து பார்ப்பது நல்லது.

மோதியவை A உம் D உம் என்பதால் விளைவு ஓரளவு நாகரிகமாக இருந்தது: 00 உடன் 11 ஐ ஓஆர் செய்தால் 11 வரும், D வெல்லும். இதே பிழை B உக்கும் C உக்கும் இடையே நேர்ந்திருந்தால் 01 உம் 10 உம் சேர்ந்து 11 ஆகியிருக்கும்; எவரும் கேட்காத D பஸ்ஸில் வந்து நின்றிருக்கும். மல்டிபிளெக்சர்களுக்குப் பதிலாக ஒவ்வொரு பதிவகத்தையும் அன்ட் படலைகளால் மறித்து, பின்பு ஓஆர் படலைகளால் சேர்த்துக் கட்டிய பஸ்ஸானால் A உம் D உம் பிட் பிட்டாகக் கலந்து `01101110` என்ற, எந்தப் பதிவகத்திலும் இல்லாத எண் கிடைக்கும். முந்நிலை பஃபர்களால் கட்டியிருந்தால் இரண்டு பஃபர்கள் ஒரே கம்பியில் எதிரெதிராக இழுக்கும்; சிப்பில் விரலை வைத்தால் சூடு தெரியும். ஒரு வளவுக்கு இரண்டு படலை இருப்பதில் குற்றமில்லை. பஸ்ஸுக்கு மட்டும் ஒரு நேரத்தில் ஒரு படலைதான் திறந்திருக்க வேண்டும்.

இதைக் கட்டுவதற்கு முன்பே பிடிக்கலாம். நான்கு படிகளுக்கும் P, Q இன் நான்கு சேர்க்கைகளுக்குமாகப் பதினாறு வரிகள் கொண்ட அட்டவணையொன்றைப் போட்டு, ஒவ்வொரு வரியிலும் xA முதல் xD வரை எத்தனை 1 இருக்கின்றன என்று எண்ண வேண்டும். இரண்டு வந்தால் அந்த வரியில் மோதல் உண்டு. மேலே உள்ள தொகுதியில் T2, P=1, Q=1 என்ற ஒரே ஒரு வரியில் மட்டும் இரண்டு வரும்.

அட்டவணையில் ஒரே ஒரு வரியில் பூச்சியம் வருவதையும் காண்பீர்கள்: T2 இல் P உம் Q உம் 0 ஆக இருக்கும்போது, P' ஐச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், எவரும் பஸ்ஸைக் கேட்பதில்லை. அந்த ஒரு வரியில் S1 S0 = 00 என்பதால் A பஸ்ஸில் நிற்கும். இதைப் பார்த்து அஞ்சி, "ஒன்றுமில்லை" என்பதற்காகத் தனிக் குறியீடு ஒதுக்கி மல்டிபிளெக்சரைப் பெரிதாக்கத் தேவையில்லை. LC அப்போது 0. பஸ்ஸில் என்ன நின்றாலும் எவரும் அதை எடுப்பதில்லை. முந்நிலை பஸ்ஸில் மட்டும் கம்பி மிதந்துகொண்டிருக்கும் என்பதால் அதற்கு மின்தடை ஒன்றைப் போட்டு ஒரு நிலையில் பிடித்துவைக்க வேண்டும்.

`A ← A + 1` இல் வலப்பக்கத்தில் A இருக்கிறதே என்று T3 ஐ xA இல் சேர்ப்பவர்களும் உண்டு. A எண்ணியாகக் கட்டப்பட்டிருந்தால் அந்தக் கூட்டல் அதற்குள்ளேயே நடக்கிறது. பஸ்ஸுக்கு அதில் வேலையில்லை. அதனால்தான் அதே T3 இல் `B ← D` உம் நடக்க முடிகிறது. A இன் குறியீடு 00 என்பதால் மல்டிபிளெக்சர் பஸ்ஸில் இந்தப் பிழை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். முந்நிலை பஃபருக்கு மாறிய நாளில் வெடிக்கும். மாறாக `A ← D, D ← A` என்று ஒரே படியில் எழுதினால், இரண்டு மூலங்களுக்கும் பஸ் வேண்டியிருப்பதால் ஒற்றைப் பஸ்ஸில் அதை நிறைவேற்ற வழியே இல்லை. இடைக்காலப் பதிவகம் ஒன்றை வைத்து மூன்று படிகளாகப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, லோட் சைகையைக் கடிகாரத் துடிப்புடன் அன்ட் செய்து எழுவிழுவின் கடிகார முனைக்குக் கொடுக்கும் பழக்கம். தாளில் இது சரியாகவே தெரியும். ஏறுமுனையில் படி எண்ணி T1 இலிருந்து T2 உக்கு மாறும். சில பத்து நானோ செக்கன்கள் கழித்து LC உயரும். அப்போது கடிகாரம் இன்னும் உயர்நிலையிலேயே இருப்பதால் அன்ட் படலையின் வெளியீடு அந்தக் கணத்திலேயே ஏறும். T2 இன் முடிவில் ஏற வேண்டிய C, T2 இன் தொடக்கத்திலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. S1, S0 மாறி மல்டிபிளெக்சர்களைக் கடந்து பஸ் நிலைபெற இன்னும் நேரமிருப்பதால் பஸ்ஸில் T1 இன் தரவே பெரும்பாலும் நிற்கும். T1 இல் பஸ்ஸில் இருந்தது C. ஆகவே C தன்னையே மறுபடி எழுதிக்கொள்கிறது. லோட் வேலை செய்யவில்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அடுத்த ஏறுமுனையில் LC விழுவதற்கு முன் இன்னொரு மெல்லிய துடிப்பும் பிறக்கும்; அதை எழுவிழு சிலவேளை ஏற்று A ஐ எடுத்துக்கொள்ளும், சிலவேளை ஏற்காது. ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாத சுற்றுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கடிகாரம் எல்லா எழுவிழுக்களுக்கும் இடைமறிப்பின்றி நேரடியாகப் போக வேண்டும். லோட் சைகை, எழுவிழுவின் தரவு உள்ளீட்டுக்கு முன்னே நிற்கும் இரண்டு உள்ளீட்டு மல்டிபிளெக்சரைத் தெரிவுசெய்ய வேண்டும்: 1 ஆனால் பஸ், 0 ஆனால் தன் பழைய மதிப்பு. B, C, D மூன்றுக்கும் 74LS377 ஐப் பயன்படுத்தினால் இந்த ஏற்பாடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் இயலுமை முனை தாழ்நிலையில் செயற்படுவது என்பதால் LB, LC, LD ஒவ்வொன்றையும் தலைகீழாக்கியே கொடுக்க வேண்டும். தலைகீழாக்க மறந்தால் T2 ஐத் தவிர மற்ற எல்லாப் படிகளிலும் C ஏறிக்கொண்டிருக்கும். எல்ஈடி வரிசை ஒவ்வொரு துடிப்பிலும் பஸ்ஸைப் பின்தொடர்ந்து மாறுவதைக் கண்டால் காரணம் அதுவே.