கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு அமாவாசை வழக்கம்

அமாவாசை இரவில் வீட்டாரோடு மொட்டை மாடிக்குப் போய், போனை அணைத்துவிட்டு 20 நிமிடம் பேசாமல் வானத்தைப் பாருங்கள். அப்புறம் அந்த மாதம் மனதில் தங்கிய ஒரு விஷயத்தை ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். யாரும் பதிலோ அறிவுரையோ சொல்ல வேண்டாம்.

நாள்காட்டியே நாளைக் குறித்துத் தருவதால் வழக்கம் விட்டுப்போகாது. நிலவும் இருக்காது. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். முதலில் மங்கலான புகைபோல் தெரியும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், அப்போதுதான் ஆறு தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 440 வருடம் ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள், பேச்சு தானாகவே நின்றுவிடும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தாலும் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

மே மாதம் கார்த்திகை சூரியனுக்கு அருகில் இருப்பதால் தெரியாது. வேறு நட்சத்திரங்களைப் பார்க்கலாம். தெருவிளக்கு நேரே அடிக்கும் மாடியிலும் மழைமேகம் மூடிய நாளிலும் இது சரிவராது. அண்மையில் ஒருவரை இழந்த வீட்டில் அந்த மௌனம் பாரமாகலாம். அங்கே பேச்சையே முதலில் வையுங்கள்.