வாலண்டரி டிடக்டிபிள்: 5,000 போதுமா, 15,000 வேண்டுமா?

கார் பாலிசியைப் புதுப்பிக்கும்போது வாலண்டரி டிடக்டிபிள் கட்டத்தைத் தட்டினால் பிரீமியம் இறங்கும். ஒவ்வொரு கிளெய்மிலும் இவ்வளவு தொகையை நானே போட்டுக்கொள்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்வதுதான் காரணம். சின்னக் கிளெய்ம்கள் குறைவதால் நிறுவனத்துக்குச் செலவு மிச்சம். அதில் ஒரு பங்கு உங்களுக்குத் தள்ளுபடியாக வருகிறது.

முதலில் கொட்டேஷனில் 'சொந்தச் சேதம்' என்ற வரியைத் தனியாகப் பாருங்கள். தள்ளுபடி அதில் மட்டும்தான். மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒரு ரூபாயும் குறையாது.

அடுத்து, ஒவ்வொரு தொகைக்கும் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். 2002ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃப்படி 2,500 ரூபாய்க்கு 20 சதவீதம், 5,000க்கு 25, 7,500க்கு 30, 15,000க்கு 35. ஆனால் உச்சவரம்பு உண்டு: முறையே 750, 1,500, 2,000, 2,500 ரூபாய். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். உங்கள் கொட்டேஷனே கணக்கு.

சொந்தச் சேத பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5,000 எடுத்தால் 1,500 மிச்சம். மூன்றரை ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால், ஒரு கிளெய்மில் நீங்கள் போட வேண்டிய 5,000 ஈடாகிவிடும். அதிலிருந்து 15,000க்குத் தாவினால் கூடுதல் மிச்சம் 1,000 மட்டுமே, கூடுதல் சுமையோ 10,000. அது ஈடாகப் பத்து ஆண்டு வேண்டும். என் ஓட்டு 5,000க்கே.

இங்கேதான் நிதானம் வேண்டும். கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி கடைசியில் கழிகிறது. உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருந்தால், அந்த 1,500 ரூபாய் மிச்சமும் 750 ஆகிவிடும். ஈடாகும் காலம் இரட்டிப்பு. ஆகவே கட்டத்தைத் தட்டாமலும் தட்டியும் இறுதித் தொகையை ஒப்பிடுங்கள். முகவர் சொல்லும் சதவீதத்தை நம்பாதீர்கள்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பட்டறையில் பம்பருக்கும் கதவுக்கும் 22,000 ரூபாய் பில் என்றால் என்ன ஆகும்? தேய்மானம் 4,000, கட்டாயக் கழிவு 1,000 (1,500 சிசிக்கு மேல் 2,000). மிச்சம் 17,000. வாலண்டரி 15,000 என்றால் கைக்கு வருவது 2,000. அதற்காகப் போனஸை யாராவது இழப்பார்களா? கிளெய்மே போட மாட்டீர்கள். 5,000 எடுத்திருந்தால் 12,000 கிடைத்திருக்கும்.

புதிதாக ஓட்டப் பழகியவர்கள், ரத வீதியில் வண்டியை நிறுத்துபவர்கள், அவசரத்துக்குப் பதினைந்தாயிரம் கையில் இல்லாதவர்கள் பெரிய தொகையைத் தொடவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. முழு நஷ்டக் கிளெய்மிலும் இந்தத் தொகை கழியும்.

பின்சேர்க்கை: தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் வாலண்டரி தொகை கழியாதே என்று பேட்டை வாசகர் ஒருவர் கேட்டார். கழியும். ஜீரோ டெப் அந்த 4,000 தேய்மானத்தை மட்டும் காப்பாற்றும். வாலண்டரி தொகையை அது தொடாது.