லேப்பையே படுக்க வைத்த ஒற்றைக் கேபிள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். திங்கள் காலை 9 மணிக்குக் கல்லூரி லேப் அட்டெண்டர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, அறுபது மெஷின்லயும் நெட் இல்ல. பத்து மணிக்கு பிராக்டிகல்." அன்று செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: பிங். ஒரு மெஷினிலிருந்து கேட்வேக்கு விடாமல் பிங் போட்டேன்.

```
ping -t 192.168.1.1
```

வழக்கமாக 1 மில்லிசெகண்டில் பதில் வரும். அன்று பெரும்பாலும் `Request timed out`. இடையிடையே வந்த பதிலும் 800, 900 மில்லிசெகண்ட். வயர் அறுந்திருந்தால் பதிலே வராது. தத்தித் தத்தி வருகிறதென்றால் எங்கோ நெரிசல்.

படி 2: விளக்குகளைப் பாருங்கள். ராக்கில் மூன்று 24 போர்ட் சுவிட்சுகள். மற்ற நாட்களில் விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் சிமிட்டும். அன்று எல்லாமே ஒரே வேகத்தில் துடித்தன. இது லூப்பின், அதாவது கேபிள் பாதை எங்கோ வட்டமாகிவிட்டதன் அடையாளம்.

எல்லா மெஷினுக்கும் போக வேண்டிய பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒன்று வந்தால், வந்த போர்ட்டை விட்டு மற்ற எல்லாவற்றிலும் சுவிட்ச் அதை அனுப்பும். பாதை வட்டமாக இருந்தால் அதே ஃபிரேம் திரும்பி வரும், மறுபடி எல்லாப் பக்கமும் போகும். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் உண்டு. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கணக்கு கிடையாது. வட்டத்தை அறுக்கும்வரை சுற்றிக்கொண்டேயிருக்கும். (நான் முதலில் சுவிட்சுகளை ரீஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் வீணடித்தேன். அவை எழுந்ததும் பழையபடி ஆகிவிட்டது.)

படி 3: அப்லிங்க். மூன்றிலிருந்தும் மெயின் சுவிட்சுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினேன். இரண்டாவதை எடுத்ததும் மற்ற இரு சுவிட்சுகளும் அடங்கின. இரண்டாவது மட்டும் துடித்துக்கொண்டேயிருந்தது. ஆக, வட்டம் அதற்குக் கீழேதான்.

படி 4: பாதியாகக் குறையுங்கள். கேபிள்களில் போர்ட் எண்ணை எழுதிவிட்டு 13 முதல் 24 வரை உருவினேன். அமைதி. பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, பத்து விநாடி காத்திருந்தேன். போர்ட் உயிர்பெற்ற பிறகுதானே நெரிசல் தெரியும். 17ஐச் செருகியதும் பழைய துடிப்பு கிளம்பியது.

படி 5: கேபிளைப் பின்தொடருங்கள். 17 மூலை மேசைக்கு அடியில் ஒரு 8 போர்ட் குட்டி சுவிட்சில் முடிந்தது. அதில் ஒரு நீலக் கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சிலேயே செருகியிருந்தன. பக்கத்து மெஷினில் கேபிளே இல்லை. சுத்தம் செய்யும்போது மெஷினிலிருந்து கழற்றிய முனையை, தொங்குகிறதே என்று யாரோ காலி ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். பிடுங்கி மெஷினில் மாட்டினேன். மணி 9.50.

பிறகு பார்த்தால், மெயின் சுவிட்சில் லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீயை எப்போதோ அணைத்து வைத்திருந்தார்கள். சீனியர் அண்ணன் போட்ட வரிகள்:

```
spanning-tree vlan 1
interface range GigabitEthernet0/1 - 3
 spanning-tree bpduguard enable
```

ஸ்பேனிங் ட்ரீக்காக சுவிட்ச் அனுப்பும் பிபிடியூ என்ற செய்தி லூப்பில் சுற்றித் திரும்பி வந்தால் அந்தப் போர்ட் தானே மூடிக்கொள்ளும். லேப்பின் ஒரு பகுதி விழும், மற்றவை பிழைக்கும். ஆனால் சில மலிவான குட்டி சுவிட்சுகள் பிபிடியூவையே விழுங்கிவிடும். அதனால் காலி ஓட்டைகள் மேல் இன்சுலேஷன் டேப்பும் ஒட்டிவிட்டு வந்தேன்.